படத்தில் நீலம், பார்சலில் பச்சை

ஜவுளிக்கடையில் சேலை எடுக்கும் பெண்கள் பலர், பில் போடச் சொல்வதற்கு முன் சேலையைக் கடைவாசலுக்குக் கொண்டுபோய் ஒருமுறை விரித்துப் பார்ப்பார்கள். கடைக்குள் எரியும் விளக்குகளை அவர்கள் முழுதாக நம்புவதில்லை. பகல் வெளிச்சத்தில் தெரிவதுதான் அவர்களுக்கு அந்தச் சேலையின் நிறம். வாட்ஸ்அப்பில் சேலை வாங்குகிறவருக்கு இந்த வாசல் கிடையாது. விற்கிறவர் எடுத்த படம்தான் அவருக்குச் சேலை. அந்தப் படமும் எடுத்தபடியே வருவது குறைவு. வெளிச்சம் கூட்டி, நிறத்தைத் தூக்கி, பின்னணியைப் பளிச்சென்று வெளுத்துத்தான் வருகிறது.

ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் ஒரு சேலைக் கடை. தறிகள் நிறைந்த ஊர் அது. அங்கிருந்து வெளியூர்களுக்கு நாள்தோறும் சேலைப் பார்சல்கள் போகின்றன. திருநெல்வேலியில் இருக்கும் ஒரு பெண் அந்தக் கடையில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு சாஃப்ட் சில்க் சேலையை 2,650 ரூபாய்க்கு வாங்குகிறார். பார்சல் வந்த அன்று மாலை அவரிடமிருந்து செய்தி வருகிறது: “அண்ணா, நீங்க போட்ட படத்துல சேலை நல்ல நீலமா இருந்துச்சு. வந்தது பச்சையா இருக்கு. தங்கச்சி வளைகாப்புக்கு எடுத்தது. படத்தை எடிட் பண்ணிப் போட்டீங்களா?”

இதற்குக் கடைக்காரர்கள் வழக்கமாக அனுப்பும் பதில் ஒன்று தயாராக இருக்கிறது. ‘வெளிச்சத்தாலும் உங்கள் போன் திரையாலும் நிறம் சற்று மாறித் தெரியலாம்’ என்பதே அது. அதில் சொல்லியிருப்பது பொய் அல்ல. ஆனால் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு அது பதிலும் அல்ல. படத்தைத் திருத்தினீர்களா என்று அவர் கேட்கிறார். அதற்கான விடை கடைக்காரரின் கையில்தான் இருக்கிறது. திருத்தாத படம் அவருடைய போனில் கிடக்கிறது, அதே சேலையின் ஜோடி அலமாரியில் இருக்கிறது. இரண்டையும் எடுத்துப் பார்க்காமல் அனுப்புகிற எந்தப் பதிலும் ஊகம்தான்.

பார்ப்பது எப்படி? காலை பத்து, பதினோரு மணிக்கு வெயில் நேரடியாக விழாத ஜன்னல் ஓரத்தில் சேலையை வைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள். கடையின் மஞ்சள் விளக்குகளை அணைத்துவிட வேண்டும். போனில் கண்ணுக்கு இதமான வெளிச்சம், துடிப்பான நிறம் என்றெல்லாம் வைத்திருக்கும் அமைப்புகளையும் நிறுத்திவிட வேண்டும். பிறகு எடுத்தபடி இருக்கும் படம், வாடிக்கையாளருக்குப் போன படம், கண்முன் கிடக்கும் சேலை ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும்.

எடுத்த படம் சேலையை ஒத்து, போன படம் மட்டும் விலகியிருந்தால் குற்றம் திருத்தத்தில். எடுத்த படமே விலகியிருந்தால் கேமராவில். இரண்டு படமும் சேலையும் ஒத்திருந்து, வாங்கியவருக்கு மட்டும் வேறாகத் தெரிந்தால்தான் அவருடைய திரையைச் சந்தேகிக்கலாம். அப்போதும் அவரைக் குறைசொல்லத் தேவையில்லை. வீட்டில் இன்னொருவர் போனில் அதே படத்தைத் திறந்து பார்க்கச் சொன்னால் போதும். நான்காவதாக ஒன்று உண்டு, பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். படம் பிடித்த சேலை என்றோ விற்றுப்போயிருக்கும். அனுப்பியது அதே டிசைனில் அடுத்த சாய லாட்டில் வந்ததாக இருக்கும். ஒரே சாயத்தை ஒரே அளவில் போட்டாலும், தண்ணீர், சூடு, நூல் ஆகியவற்றைப் பொறுத்து லாட்டுக்கு லாட் நிறம் கொஞ்சம் நகரும். அதனால் தறிக்காரர் தந்த சீட்டில் லாட் ஒன்றுதானா என்றும் பார்த்துவிட வேண்டும்.

நம் கடைக்காரர் பார்க்கிறார். லாட் ஒன்றுதான். எடுத்த படம் சேலையைவிடக் கொஞ்சம் நீலமாக இருக்கிறது. போன படமோ வெகுதூரம் நீலத்துக்குப் போய்விட்டது. அதாவது கேமராவுக்குக் கொஞ்சம் பங்கு, கடையில் செய்த திருத்தத்துக்குப் பெரும்பங்கு.

கேமராவின் பங்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. மயில் கழுத்து என்பது ஒற்றை நிறம் அல்ல. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று வைத்து நெய்வதால் வருவது. இந்தச் சேலையில் பாவு பச்சை, ஊடை நீலம். பாவு நூல் சேலையின் நீளவாக்கில் ஓடுகிறது, ஊடை அகலவாக்கில். கம்பியில் நீளமாகத் தொங்கவிட்டுப் படம் பிடிக்கும்போது பாவு மேலிருந்து கீழாகவும் ஊடை கிடையாகவும் இருக்கும். பளபளப்பான நூலில் மேலேயிருந்து வெளிச்சம் விழுந்தால், கிடையாக ஓடும் நூல்தான் அதை எதிரே நிற்பவர் பக்கம் அதிகம் திருப்பி அனுப்பும். எனவே தொங்கும் சேலையில் நீல ஊடை தூக்கலாகத் தெரிகிறது. அதே சேலையை இடுப்பில் சுற்றிக் கொசுவம் வைத்தால் நூல்களின் திசை மாறிவிடுகிறது. இப்போது பச்சைப் பாவு கிடையாக வந்து, பச்சை முன்னால் நிற்கிறது. தோளிலிருந்து முந்தி தொங்கும் இடத்தில் மறுபடி நீலம் தலைகாட்டும். அழகே இதுதான். ஆனால் ஒரே கோணத்தில் எடுத்த ஒரே படத்தால் இந்த அழகைக் காட்ட முடியாது. பாதிச் சேலையைத்தான் அது காட்டும்.

போன் கேமராவுக்கு இன்னொரு பழக்கமும் இருக்கிறது. காட்சியில் எது வெள்ளை என்பதைத் தானே ஊகித்து, மற்ற நிறங்களை அதற்கேற்ப நகர்த்தும். படம் முழுக்க ஒரே நிறச் சேலை நிறைந்திருந்தால், அந்த நிறத்தை விளக்கின் நிறம் என்று எடுத்துக்கொண்டு அதைக் குறைக்கப் பார்க்கும். கிட்டத்தில் எடுத்த படத்தில் ஒரு நிறமும், முழுச்சேலைப் படத்தில் வேறு நிறமும் வருவது பெரும்பாலும் இதனால்தான். சட்டத்துக்குள் ஒரு வெள்ளைத் தாளோ சாம்பல் நிற அட்டையோ இருந்தால், படம் தவறியிருக்கிறதா என்று பிறகு பார்க்கவும் சரிசெய்யவும் ஒரு பிடி கிடைக்கும்.

திரைக்கும் ஓர் எல்லை உண்டு. போன் திரை எல்லா நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வெளிச்சங்களைக் கலந்துதான் காட்டுகிறது. இணையத்தில் இன்றும் பெரும்பாலான படங்கள் 1996இல் வகுத்த எஸ்ஆர்ஜிபி என்ற நிற எல்லைக்குள்தான் சேமிக்கப்படுகின்றன. நீலமும் பச்சையும் சேர்ந்த ஆழமான நிறங்கள் பல அந்த எல்லைக்கு வெளியே இருக்கின்றன. அவற்றை எல்லைக்குள் இருக்கும் பக்கத்து நிறமாக மாற்றித்தான் காட்ட முடியும். மயில் கழுத்து நிறம் படத்தில் அடிக்கடி நீலமாகிவிடுவதில் இதற்கும் பங்கு இருக்கிறது. வாடாமல்லி நிறத்தை விற்கிறவர்களுக்கும் இதே தலைவலி. பாட்டில் பச்சை மங்கலான வெளிச்சத்தில் கறுப்பாகவே விழும். இவற்றில் விற்கிறவரின் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் இந்த நிறங்கள் படத்தில் ஏமாற்றும் என்பது, தொழிலில் இருப்பவருக்கு வாங்குகிறவரைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து.

இனி திருத்தம். கடையில் படம் போடும் தம்பி என்ன செய்தார் என்பது போனிலேயே தெரிகிறது. சேலை மங்கலாக இருக்கிறதென்று வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறார். மஞ்சள் அடிக்கிறதென்று குளிர்ந்த பக்கம் நகர்த்தியிருக்கிறார். கடைசியில் சாச்சுரேஷனை ஏற்றியிருக்கிறார். முதல் இரண்டையும் வெள்ளைத் தாளைப் பார்த்து அளவாகச் செய்தால் படம் சேலைக்கு நெருங்கி வரும். மூன்றாவது அப்படி இல்லை. ஏற்கெனவே எல்லையில் நிற்கும் நிறத்தை அது இன்னும் தள்ளுகிறது. அதிகம் ஏற்றியதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கி மடிப்புகளையும் கரை ஓரத்தையும் பாருங்கள். நெசவின் இழையும் மடிப்பின் நிழலும் தெரிய வேண்டிய இடத்தில், வண்ணம் பூசியது போல் ஒரே சீரான பரப்பு தெரிந்தால் நிறத்தை மீறித் தூக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் ஆளின் தோல் ஆரஞ்சாக மாறியிருந்தாலும், ஜரிகை எலுமிச்சை மஞ்சளாகத் தெரிந்தாலும் அதே கதைதான். வாங்குகிறவரும் இதைப் பார்க்கலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு கடைக்காரர் எழுதும் பதில் இப்படி இருக்கலாம்:

“வணக்கம்ங்க சிஸ்டர். நீங்க சொன்னது சரிங்க. அந்தச் சேலையோட ஜோடி ஒண்ணு கடையில இருக்கு. இன்னைக்குக் காலைல அதை ஜன்னல் வெளிச்சத்துல வச்சு, உங்களுக்கு அனுப்பின படத்தோட சேர்த்துப் பார்த்தேன். படத்துல நீலம் அதிகமா இருக்கு. போன்ல விழுந்ததே கொஞ்சம் நீலமா விழுந்திருக்கு. அதுக்கு மேல நாங்க எடிட்ல கலரைத் தூக்கியிருக்கோம். பெரிய வித்தியாசம் அதனாலதான் வந்தது. உங்க போன்ல தப்பு இல்லைங்க.

உங்களுக்கு வந்தது படத்துல இருக்கிற அதே டிசைன், அதே லாட். மாத்தி அனுப்பலைங்க. இதோட உண்மையான கலர் பச்சைப் பாவு, நீல ஊடை. கட்டினா உடம்புல பச்சை தூக்கலாத் தெரியும், முந்தி தொங்குற இடத்துல நீலம் அடிக்கும். எடிட் பண்ணாத படம் ஒண்ணும், மடிப்பைத் திருப்பிக் காட்டுற சின்ன வீடியோ ஒண்ணும் கீழ அனுப்பியிருக்கேன். உங்க கையில இருக்கிறது இதே மாதிரிதான் தெரியுதான்னு பார்த்துச் சொல்லுங்க.

வேண்டாம்னா திருப்பி அனுப்பிருங்க. சேலை 2,650, நீங்க கட்டின கூரியர் 90, மொத்தம் 2,740 ரூபாய் தந்துடுறேன். திருப்பி அனுப்புற செலவும் எங்களுது. பார்சல் எங்க கைக்கு வந்த அன்னைக்கே பணம் போட்டுருவேன். நீலம்தான் வேணும்னா ஆனந்தா நீலத்துல ரெண்டு சேலை இருக்குங்க. வளைகாப்பு என்னைக்குன்னு சொல்லுங்க. அதுக்கு முன்னாடி வந்து சேரும்னு தெரிஞ்சாத்தான் அனுப்புவேன். இல்லை, இதையே வச்சுக்கிறேன்னு தோணினா 300 ரூபாய் திருப்பித் தர்றேன். எது வேணும்னாலும் உங்க இஷ்டம்.

ஃபால்ஸ் அடிக்காம, பிளவுஸ் பிட்டை வெட்டாம இருந்தாப் போதும். பிரிச்சுப் பார்த்ததுக்கு ஒண்ணும் இல்லைங்க. தப்பா இருந்த படத்தை இன்னைக்கே எடுத்துட்டோம். இதே சேலை வாங்கின மத்தவங்களுக்கும் சொல்லிட்டிருக்கோம்.”

இந்தப் பதிலில் மன்னிப்பு என்ற சொல் இல்லை. அதைச் சேர்த்தாலும் தவறில்லை. ஆனால் வாங்கியவருக்கு முதலில் தேவைப்படுவது, தான் கண்ணால் கண்டது சரிதான் என்ற உறுதி. அது முதல் இரண்டு வாக்கியங்களில் கிடைத்துவிடுகிறது. சேலையை வைத்துப் பார்த்தேன் என்று கடைக்காரர் சொல்வதால் அந்த உறுதிக்கு எடை வருகிறது. பார்க்காமலே ‘நீங்க சொன்னது சரிங்க’ என்று சொல்லியிருந்தால், சமாதானப்படுத்துகிறார் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

கேமரா இவ்வளவு, திருத்தம் இவ்வளவு என்று பிரித்துச் சொன்னதும் காரணத்தோடுதான். எல்லாப் பழியையும் கேமரா மேல் போட்டால் அது நேர்மை இல்லை. எல்லாவற்றையும் எடிட் மேல் போட்டால், திருத்தாத படம் சேலையைப் போலவே இருக்கும் என்று அவர் எதிர்பார்ப்பார். கீழே அனுப்பிய படத்திலும் லேசாக நீலம் இருப்பதைக் கண்டால் மறுபடி ஏமாந்ததாக நினைப்பார். அதைத் தவிர்க்கத்தான் சொல்லாலும் வீடியோவாலும் நிறத்தை விளக்குகிறார்.

அதே லாட், மாற்றி அனுப்பவில்லை என்ற வரி, அவர் கேட்காத கேள்விக்கான பதில். நிறம் மாறி வந்த பார்சலைப் பிரித்ததும் யாருக்கும் எழும் அடுத்த சந்தேகம் இதுதான். வேறு லாட்டாக இருந்திருந்தால் அதையும் இப்படியே வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

பணம் பற்றிய பகுதியில் தொகையும் நாளும் இருப்பதைக் கவனியுங்கள். ‘பார்த்துச் செய்கிறோம்’ என்ற பதில் வந்தால் வாங்கியவர் மறுநாளும் கேட்க வேண்டும், அதற்கு அடுத்த நாளும் கேட்க வேண்டும். வளைகாப்புத் தேதியை விசாரிப்பதும் முக்கியம். விசேஷம் முடிந்து வந்து சேரும் மாற்றுச் சேலையால் அவருக்குப் பயனில்லை. சேலையை வைத்துக்கொண்டால் 300 ரூபாய் என்பதைக் கடைசியில் சொன்னதையும் நான் சரியென்பேன். அதை முதலில் சொல்லியிருந்தால், திருப்பி வாங்காமல் தப்பிக்கத் தரும் பணமாகத் தெரிந்திருக்கும்.

பிரித்த வீடியோ இல்லாமல் புகார் ஏற்க மாட்டோம் என்பது இன்று பல கடைகளின் நிபந்தனை. கிழிந்து வந்தது, பார்சலில் ஒன்று குறைந்தது போன்ற புகார்களுக்கு அந்த வீடியோ உதவும். நிறப் புகாருக்கு அதனால் பயன் குறைவு. அந்த வீடியோவையும் எடுப்பது ஒரு போன் கேமராதான். வீட்டு ட்யூப்லைட் வெளிச்சத்தில் அதுவும் நிறத்தை மாற்றிக் காட்டும். கடையில் இருக்கும் ஜோடிச் சேலைதான் இங்கே நல்ல சாட்சி. ஒற்றைச் சேலையாக இருந்து ஜோடி இல்லையென்றால், பகலில் வெள்ளைத் தாள் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பும்படி அவரைக் கேட்கலாம்.

தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. படத்தில் கண்ட நீலத்துக்குப் பொருத்தமாக அவர் முன்கூட்டியே ஆரி வேலைப்பாட்டோடு ஒரு பிளவுஸ் தைத்திருந்தால்? அந்தக் கூலி சில நேரம் சேலை விலையையே தாண்டும். சேலைப் பணத்தைத் திருப்பித் தந்தாலும் அந்த நட்டம் அப்படியே நிற்கிறது. கடைக்காரர் இதில் எவ்வளவு ஏற்க வேண்டும் என்று பொதுவாக ஒரு கணக்குச் சொல்ல முடியாது. ‘சேலை கைக்கு வந்த பிறகு பிளவுஸ் துணி எடுங்கள்’ என்று விற்கும்போதே ஒரு வரி சேர்த்திருந்தால் பாதிச் சண்டை வராது. நிறம் பொருத்துவதையும் பகல் வெளிச்சத்தில்தான் செய்ய வேண்டும். வெவ்வேறு சாயத்தில் முக்கிய இரண்டு துணிகள் கடை விளக்கில் ஒன்றுபோல் தெரிந்து, வெயிலில் பிரிந்துவிடுவது உண்டு.

திருப்பூரின் ஏற்றுமதி நிறுவனங்களில் இந்தத் தகராறைத் தீர்க்க வழி வைத்திருக்கிறார்கள். சாயம் போட்ட சிறு துணியை முதலில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குவார்கள். பிறகு ‘லைட் பாக்ஸ்’ என்ற பெட்டிக்குள், டி65 என்னும் பகல் வெளிச்சத்துக்கு நிகரான விளக்கிலும் கடை விளக்குக்கு நிகரான இன்னொரு விளக்கிலும் சரக்கை அதோடு ஒப்பிடுவார்கள். கருவியில் அளந்து எண்ணாகவும் சொல்வார்கள். அங்கே ஒப்பிடுவது துணியோடு துணியை. படத்தைப் பார்த்து யாரும் ஒப்புக்கொள்வதில்லை. சேலைக் கடையில் படமே ஒப்பந்தமாகிவிடுவதால்தான் அதைத் திருத்தும் கைக்கு இவ்வளவு பொறுப்பு வருகிறது.

சட்டமும் அந்தப் பொறுப்பைச் சொல்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020 ஜூலையில் மின்வணிகத்துக்கான விதிகள் வந்தன. விளம்பரம் பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்திருக்க வேண்டும் என்றும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கக் கூடாது என்றும் அவை விற்பனையாளரைக் கட்டுப்படுத்துகின்றன. ‘நிறம் சற்று மாறலாம்’ என்று ஓரத்தில் எழுதிவைப்பது லேசான மாறுதலுக்குப் பொருந்தலாம். தானே நீலமாக்கிய பச்சைக்கு அதைக் கேடயமாகப் பிடிப்பது நியாயம் ஆகாது. பேசித் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வழக்கறிஞர் வைக்காமல் அங்கே நாமே முறையிடலாம். இதற்கெல்லாம் கடை அனுப்பிய படம், அது வந்த செய்தி, பணம் கட்டிய ரசீது ஆகிய மூன்றையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

பதில் அனுப்பிய பிறகு கடைக்காரருக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அலமாரியில் இருக்கும் அந்த ஜோடிச் சேலையை மறுபடி படம் பிடிக்க வேண்டும். ஜன்னல் ஓரத்தில், வெள்ளைத் தாளோடு ஒன்று. உடுத்தியபடி ஒன்று. கொசுவத்தை மெல்லத் திருப்பிக் காட்டும் பத்து விநாடி வீடியோ ஒன்று. சாச்சுரேஷனை அந்தத் தம்பி தொடக் கூடாது. படத்தின் கீழே இப்படி எழுதலாம்: ‘மயில் கழுத்து. பச்சைப் பாவு, நீல ஊடை. உடுத்தினால் பச்சை தூக்கலாக இருக்கும். படத்தில் தெரிவதைவிட நேரில் நீலம் குறைவு. நிறத்தில் சந்தேகம் இருந்தால் பகலில் வீடியோ காலில் காட்டுகிறோம்.’